வாழைக்கு சப்ளை ஒப்பந்தம் போடப் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வெறும் வாழை விவசாயியா இருந்து, பேக்ஹவுஸ் போட்டு, இப்ப பக்கத்து தோட்டத்து காயையும் சேர்த்து கன்டெய்னர்ல ஏத்துறவன் நான். போன்ல திரும்பத் திரும்ப கேக்குற சந்தேகங்கள கேட்ட மாதிரியே எழுதி பதிலையும் கீழ போட்டிருக்கேன். எல்லாமே பச்சைக் காயா கப்பல்ல போற கேவண்டிஷ் ரகத்துக்கு, அதாவது ஜி9-க்கு மட்டும்தான், மத்த ரகத்துக்கு கணக்கு மாறும்.

அண்ணே ஜி9 போட்டிருக்கேன், நேரா பெரிய பையர்கிட்ட போகணும். முதல்ல அவங்ககிட்ட என்னத்த காட்டணும்?

ஒரே ஒரு பக்கம் போதும். எந்த வாரத்துல எத்தனை பெட்டி தர முடியும், காயோட சைஸ் என்ன, எந்தெந்த தோட்டத்துல இருந்து வருது, எங்க வச்சு பேக் ஆகுது, எந்த இடத்துல அவங்க கைக்கு மாறும். இவ்ளோதான். ட்ரோன் போட்டோ, தாத்தா காலத்துல இருந்து விவசாயக் குடும்பம்ங்கிற கதை எல்லாம் இருந்தா தப்பில்ல, ஆனா அத படிச்சு யாரும் ஆர்டர் போட்டு நான் பாத்ததில்ல.

ஏன் வாரக் கணக்குன்னா, வாங்குறவருக்கு பழுக்க வைக்கிற ரூம் இருக்கும், அத ஒவ்வொரு வாரமும் நிரப்பியே ஆகணும். ரூம் காலியா கிடந்தாலும் அவருக்கு நட்டம், ரெண்டு வாரத்து காய் ஒண்ணா வந்து நின்னாலும் நட்டம். அதனால மொத்தமா வருஷத்துக்கு இத்தன டன்னுன்னு நீங்க சொல்றது அவருக்கு எதுக்குமே உதவாது.

ஏக்கர் கணக்கு சொன்னா போதாதா? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க.

சொல்றாங்க, அதனாலதான் பாதி பேச்சுவார்த்தை ரெண்டாவது போன்லயே முடிஞ்சிடுது. ஏக்கர்ங்கிறது உங்க நிலத்தோட அளவு, அதுல இருந்து எவ்ளோ காய் பெட்டிக்குள்ள போகும்ங்கிறதுக்கு நடுவுல நாலஞ்சு கழிவு இருக்கு. ஆறடிக்கு ஆறடி நட்டா ஏக்கருக்கு சுமாரா 1,200 கன்னு. அதுல சாகுறது, காத்துல ஒடியிறது, தார் சரியா வராததுன்னு பத்துல ஒண்ணு போயிடும்னு வைங்க. மிச்ச தாரோட எடையில தண்டு மட்டும் பத்துல ஒரு பங்கு பக்கம் வரும், அது பெட்டிக்குள்ள போகாது. அப்புறம் கடைசி சீப்பு சின்னது, தழும்பு விழுந்தது, இரட்டைக் காய் எல்லாம் பேக்ஹவுஸ்ல கழியும்.

இந்த எல்லாக் கழிவும் போக மிஞ்சுறதத்தான் தாருக்கு எத்தனை பெட்டின்னு ஒரே எண்ணுல சொல்லுவோம். 25 கிலோ தார்னா தண்டு போக 22 கிலோ சொச்சம், அதுல முக்கால்வாசி தேறுனா 17 கிலோ, 13 கிலோ பெட்டிக்கு அது 1.3 பெட்டி. உங்க தோட்டத்தோட இந்த எண்ணு என்னன்னு தெரியாம பையர்கிட்ட போகாதீங்க. நூறு தார வெட்டி, நீங்களே கிரேடு பண்ணி, பெட்டில அடுக்கிப் பாத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடும்.

ஒரு கன்டெய்னர்னா எவ்ளோ காய்?

40 அடி குளிர் கன்டெய்னர்ல 13 கிலோ பெட்டின்னா 1,540 பெட்டி, அதாவது 20 டன். சில மார்க்கெட்டுக்கு 18.14 கிலோ பெட்டி கேப்பாங்க, 40 பவுண்டுங்கிற பழைய கணக்கு அது, அப்ப 1,080 பெட்டி. ரெண்டுலயும் மொத்த எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான். பையர் சும்மா "பாக்ஸ்"னு சொன்னா எந்த பாக்ஸ்னு முதல்லயே கேட்டுக்கங்க, விலைய ஒரு பெட்டிக்கு மனசுல வச்சுக்கிட்டு இன்னொரு பெட்டிக்கு கையெழுத்து போடுறது நிஜமாவே நடக்குது.

மேல சொன்ன 1.3 கணக்குல ஒரு கன்டெய்னர் நிரம்ப கிட்டத்தட்ட 1,200 தார் வேணும், அதுவும் ஒரே வாரத்துல, ஒரே பக்குவத்துல.

எந்த வாரம் எவ்ளோ வரும்னு முன்னாடியே எப்படி சொல்றது? ஜோசியமா?

ஜோசியம் இல்ல, ரிப்பன். இந்த பக்கத்துலயே முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் பொறுமையா படிங்க. வாழை குலை தள்ளி, பூ மடல் விரிஞ்சு சீப்பெல்லாம் வெளிய தெரியிற வாரத்துல ஒவ்வொரு தார்லயும் ஒரு கலர் ரிபன் கட்டிடணும். இந்த வாரம் சிவப்பு, அடுத்த வாரம் நீலம், அதுக்கடுத்து மஞ்சள், இப்படி எட்டு பத்து கலர சுத்துல விடணும். கட்டுறப்பவே எத்தனை கட்டுனோம்னு பிளாக் வாரியா நோட்ல எழுதிடணும். இப்ப உங்ககிட்ட இருக்கறது வெறும் எண்ணிக்கை இல்ல, பத்துப் பன்னெண்டு வாரம் கழிச்சு வெட்டப் போற காயோட பட்டியல்.

பூ தள்ளுனதுல இருந்து அறுப்புக்கு எத்தனை நாள்ங்கிறத வெயில்தான் முடிவு பண்ணுது. ஒரு நல்ல கணக்கு இருக்கு: தினமும் சராசரி வெப்பத்துல 14 டிகிரிய கழிச்சு மிச்சத்த கூட்டிக்கிட்டே வாங்க, கூட்டுத்தொகை 900 கிட்ட வந்தா கேவண்டிஷ் தார் ஏற்றுமதி பக்குவத்துக்கு வந்திருக்கும். சராசரி 27 டிகிரின்னா நாளுக்கு 13 சேரும், 69 நாள், பத்து வாரம். சராசரி 24-க்கு இறங்குனா நாளுக்கு 10தான், 90 நாள், பதிமூணு வாரம். மூணே டிகிரி வித்தியாசம், மூணு வாரம் தள்ளிப் போகுது பாருங்க. குளிர் மாசத்துக்கும் வெயில் மாசத்துக்கும் ஒரே "பதினோரு வாரம்"னு பையர்கிட்ட சொல்லிட்டு அப்புறம் முழிக்கிறவங்க இதத்தான் விட்டிருப்பாங்க.

ரிபன் நோட்ட வாரா வாரம் திருத்தணும், இது ரொம்ப பேர் செய்யறதில்ல. காத்துல சாஞ்ச தார், தண்டு முறிஞ்சது, இலைப்புள்ளி நோய்ல இலை போனது, எல்லாத்தையும் அந்தந்த கலர்ல இருந்து கழிச்சிடணும். அறுக்குறப்ப ஆறேழு பச்சை இலையாவது நிக்கலைன்னா காய் பாக்க பச்சையா இருந்தாலும் உள்ள முதிர்ச்சி ஓடிடும், வழியில பழுக்கும்.

30 ஏக்கர் வச்சிருக்கேன், வாரம் ஒரு கன்டெய்னர்னு எழுதிக் குடுக்கலாம்ல?

வருஷம் பூராவும்னா முடியாது. ஒரு கணக்க முழுசா போட்டுப் பாத்துடலாம். 30 ஏக்கர மூணு பிளாக்கா பிரிச்சு, பிளாக்குக்கு 10 ஏக்கர், டிஷ்யூ கல்ச்சர் கன்னு, தனித்தனி மாசத்துல நட்டிருக்கீங்கன்னு வைங்க. ஒரு பிளாக்ல 12,000 கன்னு, பத்துல ஒண்ணு போக 10,800 தார். 1.3 கணக்குல சுமார் 14,000 பெட்டி, ஒன்பது கன்டெய்னர். மூணு பிளாக்குக்கும் சேத்து 27. வருஷத்துக்கு 52 வாரம். பாதிதான் வருது.

அந்த ஒன்பதும் வாரம் ஒண்ணுன்னு அழகா வராது. டிஷ்யூ கன்னா இருந்தாலும் ஒரு பிளாக் குலை தள்ளி முடிக்க ரெண்டு மாசம் பக்கம் ஆகும். ரிபன் நோட்டு இப்படி இருக்குன்னு வைங்க: 500, 900, 1,500, 2,000, 2,000, 1,700, 1,300, 900. முதல் வாரம் 650 பெட்டிதான், பாதி கன்டெய்னர் கூட இல்ல. நடுவுல ரெண்டு வாரம் 2,600 பெட்டி, ஒண்ணே முக்கால் கன்டெய்னர் கிட்ட. முதல் வாரத் தார கொஞ்சம் மெலிசா இருக்கறப்பவே வெட்டாம ஒரு வாரம் விட்டு ரெண்டாவது வாரத்தோட சேத்தா 1,820 பெட்டி, ஒரு கன்டெய்னர் தேறும். அதுக்கப்புறம் ஏழாவது வாரம் வரைக்கும் ஒவ்வொரு வாரமும் 1,540-க்கு மேலயே இருக்கு. ஆக இந்த பிளாக்குக்கு நீங்க தைரியமா கையெழுத்து போடக்கூடியது வாரம் ஒண்ணுன்னு ஆறு வாரத்துக்கு ஆறு கன்டெய்னர். மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கு.

மிச்ச மூணுல ஒரு பங்கு வீண் இல்ல. நடு வாரங்கள்ல உபரியா வர்றத "உறுதி இல்ல, வேணும்னா ரெண்டு வாரம் முன்னாடி சொல்லுங்க"ன்னு தனி வரியா அதே பக்கத்துல போடுங்க, கடைசி வாரத்த பக்கத்து சந்தைக்கு விடுங்க. முழு விளைச்சலையும் ஒப்பந்தத்துல எழுதுறவருக்கு ஒரு நல்ல காத்து அடிச்சாலே வார்த்தை தவறிப் போகும். மறுதாம்புக்கு வந்துட்டா இன்னும் கவனமா இருங்க, அங்க குலை தள்ளுறது ரெண்டு மாசத்துல நிக்காது, ரொம்ப நாளுக்கு இழுக்கும், மேடு தணிஞ்சிடும். சமமா வர்றதால ஒரு வகைல நல்லதுதான், ஆனா ரிபன் நோட்டு இல்லாம ஒண்ணுமே கணிக்க முடியாது.

நம்ம காய் ஏ கிரேடு, பிரீமியம் குவாலிட்டின்னு போட்டா பையர் ஏத்துக்க மாட்டாரா?

ஏத்துக்குவார், அப்புறம் அவரு நினைச்ச ஏ கிரேடு வேற, நீங்க நினைச்சது வேறன்னு கன்டெய்னர் திறந்தப்ப தெரியும். கோடெக்ஸ்னு சர்வதேச தரம் இருக்கு, எக்ஸ்ட்ரா, கிளாஸ் ஒண்ணு, கிளாஸ் ரெண்டுன்னு மூணா பிரிச்சிருக்கும், காய் நீளம் 14 செ.மீ., தடிமன் 27 மி.மீ. குறையக்கூடாதுங்கும். ஆனா அது தரைமட்டம். பையர் கேக்குறது அதுக்கு ரொம்ப மேல இருக்கும், தடிமன் 39-ல இருந்து 46 மி.மீ. மாதிரி ஒரு மேல் எல்லையோட. மேல் எல்லை ஏன்னு நிறைய பேர் கேக்குறாங்க, காய் குண்டா இருந்தா நல்லதுதானேன்னு. குண்டாக ஆக பச்சையா நிக்கிற நாள் குறையும், கப்பல்லயே பழுக்க ஆரம்பிச்சிடும்.

அதனால கிரேடு பேர எழுதாம அளவ எழுதுங்க: எந்த சீப்புல எந்த காய கேலிப்பர் வச்சு அளக்குறோம், எத்தனை வாரத்து ரிபன், சீப்ப எத்தனை காய் கொத்தா வெட்டுறோம், தழும்பு எவ்ளோ வரைக்கும் ஓகே, பால் கறை எவ்ளோ. பொதுவா மேல இருந்து ரெண்டாவது சீப்போட வெளி வரிசை நடுக் காயத்தான் அளப்பாங்க. தழும்புக்கு மட்டும் போட்டோ ஒட்டிடுங்க, இது ஓகே, இது ஓகே இல்லன்னு, வார்த்தையில சொல்லி யாரும் ஒத்துப் போனதா சரித்திரம் இல்ல.

எனக்கு 10 ஏக்கர்தான். பக்கத்துல இருக்கவங்க காயையும் சேத்து 100 ஏக்கர்னு காட்டலாமா சார்?

காட்டலாம், ஆனா 100 ஏக்கர் எங்களுதுன்னு காட்டாதீங்க. சொந்தம் 10, எழுத்துல ஒப்பந்தம் இருக்க விவசாயிங்க இத்தன பேரு இத்தன ஏக்கர், தேவைப்பட்டா சந்தையில வாங்குறது இத்தனன்னு மூணா பிரிச்சு எழுதுங்க. பையர் ஆளு வந்து பாக்குறப்ப கேக்குற முதல் கேள்வியே ஸ்ப்ரே நோட்டு எங்கங்கிறதுதான். மூணாவது வகை காய்க்கு உங்ககிட்ட ஸ்ப்ரே நோட்டு இருக்காது. யாரோ ஒருத்தர் அடிச்ச ஒரே ஒரு மருந்து மொத்த கன்டெய்னரையும் மாட்டி விடும், ஐரோப்பா மாதிரி மார்க்கெட்ல தனியா அளவு சொல்லாத மருந்துக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொது எல்லை.

சேத்துக்குற விவசாயிங்க எல்லாருக்கும் உங்க ரிபன் கலரும் வாரமும் ஒண்ணாவே இருக்கணும், தோட்டத்துக்கு ஒரு நம்பர் இருக்கணும், அந்த நம்பரும் பேக் பண்ண தேதியும் ஒவ்வொரு பெட்டி மேலயும் வரணும். இது ஏன் உங்களையே காப்பாத்தும்ங்கிறது கீழ பழுத்த காய் கேள்வில வரும். நல்ல விவசாய முறைக்கு குடுக்குற குளோபல்கேப் சான்று வேணும்னா ஒவ்வொருத்தரும் தனித்தனியா எடுக்கணும்னு இல்ல, குழுவா எடுக்கற வழி இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள தணிக்கை பண்ண ஒரு ஆள நீங்க வச்சே ஆகணும். ஒருத்தர் சொதப்புனா குழுவோட சான்றே ஆடும், அதனால சொந்தக்காரர்ங்கிறதுக்காக யாரையும் உள்ள இழுக்காதீங்க.

ஒப்பந்தத்துல அளவ எப்படி எழுதறது? வாரம் 1,540 பெட்டின்னு நேரா எழுதிடலாமா?

மூணு அடுக்கா எழுதுங்க. முதல்ல சீசன் முழுசுக்கும் எந்த வாரத்துல இருந்து எந்த வாரம் வரைக்கும்னு உறுதி அளவு, மேல 30 ஏக்கர் கணக்குல வந்த மாதிரி. ரெண்டாவது, நாலு வாரத்துக்கு முன்னாடி ரிபன் நோட்ட பாத்து நீங்க அனுப்புற கணிப்பு, இதுல பத்து சதவீதம் மேல கீழ போகலாம்னு. மூணாவது, ஒரு வாரம் முன்னாடி பையர் எழுத்துல போடுற ஆர்டர், இது வந்தப்புறம் ரெண்டு பக்கமும் மாத்த முடியாது.

இந்த மூணாவது அடுக்கு இல்லாத ஒப்பந்தம்தான் நிறைய சுத்துது. அதுல பையருக்கு வாங்கணும்ங்கிற கட்டாயம் எங்கயுமே இருக்காது, உங்களுக்கு மட்டும் குடுக்கணும்ங்கிற கட்டாயம் இருக்கும். "தேவைக்கேற்ப வாங்குவோம்"னு ஒரு வரி கண்ணுல பட்டா அது ஒப்பந்தம் இல்ல, விசிட்டிங் கார்டு.

விலைய வருஷம் பூரா ஒண்ணா வைக்கிறதா, மார்க்கெட்ட பாத்து வைக்கிறதா?

ரெண்டையும் கலந்து வைக்கிறதுதான் என் கருத்து. உறுதி அளவுக்கு நிலையான விலை, உபரிக்கு அந்த வார விலை. உங்க செலவு வாராவாரம் மாறறதில்ல, அட்டைப்பெட்டியும் கூலியும் உரமும்தான், அதனால உறுதி அளவுல அந்த செலவ எடுத்துட்டா மிச்சம் ஏறுனாலும் இறங்குனாலும் தூக்கம் கெடாது. அட்டைப்பெட்டி, கப்பல் வாடகை ரெண்டும் விலைக்குள்ளயா வெளியவான்னு தனித்தனியா எழுதுங்க, நடு சீசன்ல வாடகை ஏறுனா யார் தலையில விழும்ங்கிறதுதான் சண்டையா மாறும்.

"வித்ததுக்கு அப்புறம் கமிஷன் போக அனுப்புறோம்"ங்கிற கன்சைன்மென்ட் முறைக்கு போறதா இருந்தா ஒரு குறைஞ்சபட்ச விலைய கண்டிப்பா போடுங்க. இல்லைன்னா விலையும் உங்க கையில இல்ல, கழிவும் உங்க கையில இல்ல, கணக்கு மட்டும் மெயில்ல வரும்.

கன்டெய்னர் போய் சேந்ததும் "பழுத்திருச்சு, அழுகிருச்சு"ன்னு சொல்லி பணத்த கழிக்கிறாங்க. நிஜமா பொய்யான்னு எப்படி தெரியும்?

போட்டோ பாத்தே பாதி சொல்லிடலாம், ஏன்னா ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முகம் இருக்கு. பழுத்த பெட்டி கன்டெய்னர் பூரா சிதறி இருந்து, ஆனா எல்லாம் ஒரே தோட்ட நம்பர், ஒரே தேதின்னா அந்த தோட்டத்துல வயசு தாண்டுன தார வெட்டியிருக்காங்க, தப்பு நம்ம பக்கம். எல்லா தோட்ட பெட்டியும் கலந்து, கதவு பக்கமோ ஒரு மூலையிலயோ மட்டும் பழுத்திருந்தா அங்க குளிர் காத்து போகல, அடுக்குனதுலயோ கன்டெய்னர்லயோ கோளாறு. தோல் சாம்பல் பூத்த மாதிரி மங்கி, தோல சீவுனா அடியில பழுப்பு கோடு ஓடுச்சுன்னா அது 13 டிகிரிக்கு கீழ குளிர் பட்ட காய், முதிர்ச்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சீப்பு வெட்டுன இடத்துல பூசணம் ஏறி கருத்திருந்தா அது கொண்டை அழுகல், மழுங்குன கத்தி, அழுக்குத் தண்ணி, பேக் பண்ண தாமதம், இதுல ஏதோ ஒண்ணு.

இத நிரூபிக்க ஏத்துற அன்னிக்கே மூணு விஷயம் கையில இருக்கணும். காய்க்குள்ள குத்தி எடுத்த வெப்பநிலை, எந்தெந்த பெட்டின்னு நம்பரோட எழுதி. கன்டெய்னர் உள்ள நம்ம சொந்த டெம்பரேச்சர் ரெக்கார்டர், ஒண்ணு கதவு பக்கம் ஒண்ணு உள்ள. அப்புறம் ஏத்தி முடிச்ச போட்டோவும் சீல் நம்பரும். ரெக்கார்டர்ல வழி பூரா 13, 14-ன்னு நேர்கோடு இருந்து காய் பழுத்திருந்தா வாய மூடிக்கிட்டு நம்ம தோட்டத்த பாக்கணும், கோடு நடுவுல 18-க்கு ஏறி இறங்கியிருந்தா கப்பல்காரங்ககிட்ட கேக்க வேண்டிய பணம் அது.

ஒப்பந்தத்துல எழுத வேண்டியது: கன்டெய்னர் திறந்த 24 மணி நேரத்துக்குள்ள புகார், எல்லா போட்டோலயும் பெட்டி மேல இருக்க நம்பர் தெரியணும், கழிவு இத்தன சதவீதத்துக்கு மேல போனா மூணாவது ஆளா ஒரு சர்வேயர் வந்து பாத்து எழுதணும், அதுக்கு முன்னாடி காய ரூமுக்குள்ள ஏத்திப் பழுக்க வைக்கக்கூடாது. பழுக்க வச்சதுக்கு அப்புறம் வர்ற புகார எந்த சர்வேயராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. அப்புறம் பொறுப்பு எங்க கை மாறுதுன்னு இன்கோடெர்ம்ஸ் 2020-ங்கிற சர்வதேச வியாபார விதிகள்ல இருந்து ஒரு வார்த்தைய தெளிவா போடுங்க. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏ பொருத்தமா இருக்கும், நீங்க குறிச்ச இடத்துல கேரியர் கையில குடுத்ததோட வழியில நடக்குற சேதம் உங்க தலையில இல்ல. ஆனா வயசு தாண்டுன தார வெட்டி அனுப்புனா எந்த வார்த்தையும் காப்பாத்தாது.

காத்துல தோட்டமே சாஞ்சிருச்சுன்னா அபராதம் கட்டணுமா?

இயற்கை சீற்றம்னு பொதுவா ஒரு வரி எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கும், அது பத்தாது. வாழைக்கு புயல் வர வேண்டியதில்ல, தார் முத்துற நேரத்துல கொஞ்சம் பலமான காத்து அடிச்சு முட்டு சரியா இல்லைன்னாலே பிளாக்ல பாதி படுத்துடும், அத புயல்னு யாரும் அறிவிக்க மாட்டாங்க. அதனால "காத்துல விழுந்த தார், ரிபன் கலர் வாரியா"ன்னு நேரடியா எழுதுங்க. விழுந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள எந்த கலர்ல எத்தனை போச்சுன்னு போட்டோவோட சொல்றோம், அந்தந்த வாரத்து உறுதி அளவுல இருந்து அவ்ளோ குறையும்னு. இங்கயும் ரிபன் நோட்டுதான் சாட்சி, முன்னாடி இத்தன இருந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் இல்லாம இத்தன போச்சுன்னா யார் நம்புவா.

பல வருஷ ஒப்பந்தம்னா வாடல் நோய்க்கும் தனி வரி வேணும், அதுலயும் டிஆர்4 வகைக்கு. அது மண்ணுல வாழற பூஞ்சாணம், வந்துட்டா மருந்து கிடையாது, பல வருஷத்துக்கு அந்த மண்ணுல கேவண்டிஷ் போட முடியாது. அந்த பிளாக் ஒப்பந்தத்துல இருந்து விலகிடும்னு முன்னாடியே எழுதலைன்னா இல்லாத காய்க்கு வருஷக்கணக்குல பதில் சொல்லிட்டு இருக்கணும்.

வெட்டி பேக் பண்ணதுக்கு அப்புறம் பையர் "இந்த வாரம் வேணாம்"னு சொன்னா?

மூணாவது அடுக்கு ஆர்டர் வந்திருந்தா பணம் அவரோடது, அத எழுதியிருக்கணும், அவ்ளோதான். வெட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருன்னா தார மரத்துல விட்டு வைக்கலாம், ஆனா முழுசா ஒரு வாரம்தான், வெயில் காலத்துல அதுவும் இல்ல. ஒரு வாரம் விட்ட தார அடுத்த வாரத்தோட வெட்டுனா மேல் தடிமன் தாண்டும். பையரே தள்ளிப் போடச் சொன்ன வாரத்து காய்க்கு அந்த மேல் எல்லை பொருந்தாதுன்னு அப்பவே ஒரு மெயில் வாங்கிடுங்க.

எங்களுக்கு மட்டும்தான் குடுக்கணும்னு எக்ஸ்க்ளூசிவ் கேக்குறாங்க, போடலாமா?

உறுதி அளவுக்கு மட்டும்னா தாராளமா போடுங்க, அது எப்படியும் அவருக்குத்தானே போகுது. மொத்த தோட்டத்துக்கும் கேட்டா, உபரிய முழுசா அவரே குறைஞ்சபட்ச விலையில எடுக்கணும்னு திருப்பிக் கேளுங்க. முக்கால்வாசி பேரு அதோட விட்டுடுவாங்க.

நடு சீசன்ல வெளிய விலை டபுள் ஆயிடுச்சு, எங்ககிட்ட குடுக்குற விவசாயிங்க வெளிய வித்துட்டாங்க. இப்ப பையருக்கு என்ன சொல்றது?

பையருக்கு உண்மைய, எந்த வாரத்துல எத்தனை பெட்டி குறையும்னு எண்ணோட, அதுவும் உடனே. பண்ணிக்கலாம் பண்ணிக்கலாம்னு இழுத்துட்டு ஏத்துற அன்னிக்கு சொல்றதுக்கும், மூணு வாரம் முன்னாடி சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, முன்னாடி சொன்னா அவரு வேற இடத்துல காய் பிடிச்சிக்குவார். சந்தையில வாங்கி நிரப்பிடலாம்னு கை துறுதுறுங்கும், ஆனா ஸ்ப்ரே நோட்டும் ரிபன் வயசும் இல்லாத காய உங்க தோட்ட நம்பர் போட்டு ஏத்துனா, ஏத்துன அத்தனை பெட்டியோட நம்பிக்கையும் போயிடும். வாங்கியே ஆகணும்னா தனி நம்பர் போட்டு, பையர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு ஏத்துங்க.

விவசாயிங்க பக்கம் சட்டம் பேசி பெருசா ஒண்ணும் நடக்காது, கணக்க மாத்தணும். உங்களுக்கு பையர்கிட்ட நிலையான விலையும் உபரிக்கு வார விலையும் இருக்குல்ல, அதே பிரிவ விவசாயிக்கும் குடுங்க, அவங்க தார்ல மூணுல ரெண்டு பங்கு நிலையான விலையில உங்களுக்கு, மிச்சத்துக்கு அந்த வார விலை. உரம், பை, ரிபன் நீங்க முன்பணமா குடுத்திருந்தா அத கடைசி தார்ல கழிக்காம ஒவ்வொரு அறுப்புலயும் கொஞ்சம் கொஞ்சமா கழிங்க, கடைசியில கழிக்கலாம்னு வச்சா அந்த கடைசி தார் உங்க பேக்ஹவுஸ் பக்கமே வராது. எந்த தோட்டத்துல வெட்டற வாரத்து ரிபன் எண்ணிக்கைக்கும் உங்களுக்கு வந்த தார் எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி விழுதுன்னு முதல் ரெண்டு அறுப்புலயே நோட்டு காட்டிக் குடுத்துடும். அப்பவே நேர்ல போய் உக்காந்து பேசுங்க, மூணாவது அறுப்பு வரைக்கும் காத்திருக்காதீங்க.